பாத்ரூம் கதவு அடியில ஊறுது, எந்தக் கதவு தாங்கும்?

கேள்வி: "எங்க பாத்ரூம் மரக்கதவு அடியில ஊறிப் பட்டை பட்டையா உரியுது. மாத்தலாம்னு இருக்கோம். பிவிசி, அலுமினியம், ட்ரீட் பண்ண மரம், இதுல தண்ணி தெறிச்சா எது தாங்கும்? கீழே இடைவெளி விடச் சொல்றாங்க, விட்டா தண்ணி வெளியே வந்துடாதா?"

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பழைய கதவை ஒரு தடவை பாருங்க. கதவைத் திறந்து வச்சுட்டு, தரையில ஒரு சின்னக் கண்ணாடியை வச்சு, அடி விளிம்பைப் பாருங்க. ரெண்டு பக்கமும் பெயிண்ட் நல்லா இருக்கும், அடியில மட்டும் வெறும் மரம் தெரியும். பெரும்பாலான கதவு இப்படித்தான் இருக்கு. நிலையில பொருத்தும்போது அடியை இழைச்சுக் குறைப்பாங்க, மாட்டின பிறகு அங்க பிரஷ் போகாது, அப்படியே விட்டுடுவாங்க.

அந்த இடத்துலதான் கதவோட நெட்டுச் சட்டத்தின் வெட்டுவாய் இருக்கு. மரத்துக்குள்ள மேலிருந்து கீழ வரைக்கும் மெல்லிய குழாய் குழாயா ஓடும். வெட்டுவாயில ஒரு சொட்டு பட்டாலே அந்தக் குழாய்கள் மேலே இழுத்துக்கும். அதனாலதான் தண்ணி தெறிக்காத உயரத்துல கூட பெயிண்ட் கொப்புளிக்குது. ஃப்ளஷ் டோரா இருந்தா உள்ளே இருக்கிற கட்டை உப்பி, மேல ஒட்டின தகடு பிரிஞ்சுடும். நீங்க சொல்ற "பட்டை பட்டையா" அதுதான்.

ட்ரீட் பண்ண மரம்னு சொன்னதும் தண்ணியே உள்ள போகாதுன்னு நினைக்கறாங்க. அப்படி இல்லைங்க. அந்த மருந்து பூஞ்சையையும் பூச்சியையும்தான் தடுக்கும். மரம் தண்ணி குடிக்கிறது, உப்புறது, காயும்போது சுருங்குறது, அது அப்படியேதான் இருக்கும். அதோட மருந்து பல மரங்கள்ல ஓரத்துலதான் ஏறியிருக்கும், நடு வைரம் வரைக்கும் போயிருக்காது. நீங்க 10 எம்எம் அறுத்தீங்கன்னா மருந்து இல்லாத மரம் வெளியே வந்துடும். அதனால மரம்தான் வேணும்னா, அறுத்து அளவு சரி பார்த்த பிறகு கதவைக் கழட்டிப் படுக்க வைங்க. வெட்டின இடத்துல முதல்ல மருந்து தடவிக் காயவிடுங்க. அப்புறம் எபாக்ஸியை மெலிசா கலக்கி ஒரு கோட், அது உறிஞ்சிக் காய்ஞ்சதும் கெட்டியா இன்னும் ரெண்டு கோட். கீல் உட்கார வெட்டின பள்ளம், தாழ்ப்பாள் துளை, இதுங்களையும் விடாதீங்க. ஷவர் கதவுலேர்ந்து நல்லா தள்ளி இருந்து, இடையில ஒரு தடுப்பும் இருந்தா மரம் போடலாம். தினமும் கதவு மேலேயே தெறிக்கிற சின்ன பாத்ரூமுக்கு நான் மரம் சொல்ல மாட்டேன்.

அலுமினியம் ஊறாது, ஆனா அலுமினியக் கதவுன்னு சொல்றது வெறும் சட்டம்தான். நடுவுல என்ன பலகைன்னு கேளுங்க. மரத்தூள் அழுத்தின பலகை மேல லேமினேட் ஒட்டிப் போட்டிருந்தா, கீழ்ச் சட்டத்துக் காடியில தண்ணி தேங்கி, பலகை கீழிருந்து ரொட்டி மாதிரி உப்பும். சட்டம் பளிச்சுன்னு இருக்கும், கதவு போயிடும். நடுவுல அலுமினியத் தகடு இல்லேன்னா கெட்டி பிவிசி ஷீட் போடச் சொல்லுங்க. கீழ்ச் சட்டத்துக்கு அடியில ரெண்டு துளை, 6 எம்எம் அளவுக்கு இருக்கணும், தேங்கின தண்ணி வடியறதுக்கு. சிலர் நல்லதுன்னு நினைச்சு அதையும் சிலிக்கான் வச்சு அடைச்சுடறாங்க, அப்போ தண்ணி உள்ளேயே நிக்கும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு, அதைச் சுத்தி அலுமினியமும் அரிச்சு, கீல் ஆட ஆரம்பிக்கும். டைல்ஸ் கழுவுற ஆசிட் மேல படவே கூடாது.

பிவிசில ரெண்டு வகை. உள்ளே வெத்தா இருக்கிற பட்டைகளைச் சேர்த்தது ஒண்ணு, கெட்டி ஷீட் இன்னொண்ணு. தண்ணியால ரெண்டுமே கெடாது, கெடறது கீல்லதான். கதவோட மெல்லிசான பிவிசி தகட்டுல மட்டும் ஸ்க்ரூ பிடிச்சிருந்தா, கொஞ்ச நாள்ல துளை அகலமாகி கதவு சாயும், தாழ்ப்பாள் பக்கம் கீழ உரசும். வாங்கும்போது கீல் பக்கம் உள்ளே இரும்புக் குழாய் இருக்கான்னு கேட்டு, ஸ்க்ரூ அந்தக் குழாயையே பிடிக்குதான்னு பாருங்க. குழாய் துத்தநாகம் பூசினதா இருக்கணும். கீல் மூணு போடுங்க. பிவிசி வெயில்ல நீளும்: 2 மீட்டர் கதவு 20 டிகிரி ஏறினா சுமார் 3 எம்எம் நீளும். அதனால மேலேயும் பக்கத்துலேயும் 3, 4 எம்எம் விடணும், இறுக்கமா பொருத்தினா வெயில் நாள்ல மாட்டிக்கும். நேர் வெயில் படுற இடம்னா அடர் நிறம் வேண்டாம், வளைஞ்சுடும். உங்க பாத்ரூமுக்கு, குழாய் வச்ச கெட்டி பிவிசிதான் என் தேர்வு.

இப்போ இடைவெளிக்கு வருவோம். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் காத்தை வெளியே தள்ளணும்னா அதே அளவு காத்து உள்ளே வரணும். கதவு 700 எம்எம் அகலம், கீழே 10 எம்எம் விட்டீங்கன்னா, 70 சதுர சென்டிமீட்டர் வழி. 150 எம்எம் ஃபேனோட வாய் 177 சதுர சென்டிமீட்டர். பாதி கூட இல்லை. ஃபேன் ஓடும், காத்து போகாது. கதவை மூடிட்டு ஃபேனைப் போட்டு, மெதுவா ஒரு விரல் அகலம் திறங்க. ஃபேன் சத்தம் மாறுச்சுன்னா அதுக்குக் காத்து பத்தலைன்னு அர்த்தம். அப்போ இடைவெளியை 15 எம்எம் ஆக்குங்க, அதுவும் போதாதுன்னா கதவோட கீழ்ப்பகுதியில சாய்வான பட்டைகள் வச்ச லூவர் வைங்க. லூவர் பட்டையோட தாழ்ந்த ஓரம் பாத்ரூம் உள்பக்கம் பார்க்கணும், பட்ட தண்ணி உள்ளேயே வழியும். திருப்பி மாட்டினா தண்ணி ஹாலுக்கு வரும். ஃபேன் பக்கத்துலயே ஜன்னல் திறந்திருந்தா காத்து அங்கேர்ந்தே குறுக்கே போயிடும், கதவடி காயாது. ஃபேன் ஓடும்போது அந்த ஜன்னலைச் சாத்திடுங்க.

தண்ணி வெளியே வர்றதைத் தடுக்கிறது இடைவெளியோட அளவு இல்லை, கீழ இருக்கிற படிக்கல். பாத்ரூம் தரையை விட 20 எம்எம் உயரமா ஒரு கல் வைங்க, உள்பக்கம் 2, 3 எம்எம் சரிவா. இடைவெளியை அந்தக் கல்லோட மேல்மட்டத்துலேர்ந்து அளக்கணும், டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி இருக்கிற தரையிலேர்ந்து இல்லை. இந்த ஒரு தப்புனாலதான் கதவை மறுபடி கழட்டி அறுக்கறாங்க. கதவு உள்ளே திறக்கிற மாதிரி இருந்தா, அது கல்லோட உள் ஓரத்துல நிக்கும், மேல வழியற தண்ணி பாத்ரூம்லயே சொட்டும். அடியில உள்பக்கமா ஒரு 25 எம்எம் அலுமினிய ஆங்கிளை ஒட்டினா, சொட்டு கல் மேல விழாம தரையில விழும்.

வயசானவங்க இருக்கிற வீடுன்னா வெளியே திறக்கிற கதவுதான் நல்லது, உள்ளே திறக்கிற கதவுன்னா, யாராவது உள்ளே விழுந்துட்டா அதைத் தள்ள முடியாது. ஆனா அப்போ கதவு கல்லோட வெளி ஓரத்துல நிக்கும். கல்லை இன்னும் 25, 30 எம்எம் வெளிப்பக்கம் நீட்டி, சரிவை உள்ளே பார்த்து வச்சுடுங்க, சொட்டுற தண்ணி கல் மேல விழுந்து திரும்ப உள்ளே போயிடும். அவங்க கால் தடுக்காத மாதிரி கல்லோட ரெண்டு ஓரத்தையும் சாய்வா மழுக்கச் சொல்லுங்க.