வீடு காலியாகும்போது அட்வான்ஸ் கணக்கு

வணக்கம். குடியிருந்தவர் காலி செய்யும் நாளில் வீட்டு உரிமையாளர் கணக்கை எப்படி முடிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

நம் ஊரில் அட்வான்ஸ் என்று வாங்குவது திருப்பித் தர வேண்டிய பிணைத்தொகை. மாதத் தொடக்கத்திலேயே வாங்கும் முன்வாடகை வேறு. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். ஒரே பக்கத்தில் எழுதினால் கடைசி நாளில் எது எதில் கழிந்தது என்றே தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 45,000. ஜூன் மாத வாடகை முதல் தேதியே வந்துவிட்டது. குடியிருந்தவர் 20-ஆம் தேதி சாவியைத் தருகிறார். ஒப்பந்தத்தில் நாள் கணக்கு உண்டு என்றால், ஒரு நாளைக்கு 500 வீதம் மீதிப் பத்து நாளுக்கு 5,000 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். இது முன்வாடகைப் பக்கத்தில் வரும்.

அடுத்தது பிடித்தம். சண்டை பெரும்பாலும் பெயின்ட்டில்தான் தொடங்குகிறது. ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்கு என்று மொத்தமாகப் பிடிப்பது பலருக்குப் பழகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. தண்ணீர் திறந்து மூடும் குழாய், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆணி அடித்துச் சுவரைப் பெயர்த்திருந்தால் அது சேதம், அந்தச் சுவருக்கான செலவை மட்டும் பிடிக்கலாம்.

நம் கணக்கில் ஜன்னல் கண்ணாடி 1,200, குழாய் 450, ஒரு சுவருக்குப் பட்டி பார்த்தது 1,800. ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். இரண்டு மாதக் கரண்ட் பில் இன்னும் வரவில்லை, அதனால் சாவி வாங்கும்போதே மீட்டர் அளவை இருவரும் பார்த்து எழுதி, தோராயமாக 600 ரூபாய் நிறுத்தி வையுங்கள். பில் வந்ததும் கூடக்குறையை நேர்செய்ய வேண்டும். ஆக மொத்தம் 4,050.

45,000-உடன் 5,000 கூட்டி 4,050 கழித்தால் 45,950. கொடுத்த அட்வான்ஸைவிட அதிகமாகவே அவர் கைக்குப் போகிறது!

குடிவந்த நாளில் எடுத்த படமும், இருவரும் கையெழுத்திட்ட பொருள் பட்டியலும் இல்லையென்றால், அந்தக் கண்ணாடி முன்பே உடைந்திருந்தது என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

கடைசி மாதங்களில் “அட்வான்ஸிலேயே கழிச்சுக்கோங்க சார்” என்று கேட்பவர்களும் உண்டு. சம்மதித்தால் அந்தத் தேதியிலேயே அட்வான்ஸ் பக்கத்தில் கழித்து, வாடகைப் பக்கத்தில் வரவு வைத்து, ரசீதும் கொடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் வாடகை பாக்கி நிற்பதாகவே நோட்டு காட்டும்.

கணக்குத் தாளை இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்திட்டு, பணத்தை வங்கி வழியாக அனுப்பி, பரிவர்த்தனை எண்ணை அதே தாளில் எழுதி வையுங்கள். வணக்கம்.