முதல் பாகத்தைக் கொடுங்கள், வெட்டாமல் கொடுங்கள்

"பன்னிரண்டு வயசுப் பையன் பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் எப்போ முடிப்பான்? சுருக்கமோ எளிய நடையோ, ஒரே புத்தகமா வாங்கிக் கொடுத்தா கதையாவது தெரியுமே!" எதிரணித் தலைவர் கேட்டது இது.

நடுவர் ஐயா, வியாசர்பாடிப் பெரியோர்களே, வணக்கம். ஐந்தையும் யார் இன்றைக்கே கொடுக்கச் சொன்னது? முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் கொடுங்கள், ஆனால் வெட்டாமல் கொடுங்கள். 57 அத்தியாயம், ராத்திரிக்கு ஒன்று என்றால் இரண்டே மாதம். 1950-இல் தொடங்கி வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை இது, அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கவே கல்கி பல அத்தியாயங்களை ஒரு பரபரப்பான இடத்தில் நிறுத்தியிருப்பார்.

என் அக்கா மகனுக்கு நடைபாதைக் கடையில் ஒரே புத்தகமாக ஒன்று வாங்கினோம். மூலத்தில் வந்தியத்தேவன் ஏரிக்கரையில் மெதுவாக வருவான், பழுவேட்டரையர் பரிவாரத்தோடு ஒரு மூடுபல்லக்கு போகும், அதில் இருப்பது பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி என்று நம்பி ஆழ்வார்க்கடியான் தவிப்பான், நாமும் நம்பிவிடுவோம். அப்புறம் கடம்பூரில் நள்ளிரவுச் சதிக் கூட்டத்தில் அதே பல்லக்கிலிருந்து சோழ இளவரசன் மதுராந்தகன் இறங்கும்போது தூக்கிவாரிப்போடும். இவன் புத்தகத்தில் ஏரிக்கரையும் இல்லை, பல்லக்கும் இல்லை, நேரே கடம்பூர்தான். மதுராந்தகன் வந்தான் என்று ஒரு வரி, பையன் கொட்டாவி விட்டான். கதை தெரிந்தது, திடுக்கிடல் போய்விட்டது.

சரி, சோழர் வரலாறு சொல்லும் இடங்கள் இழுக்கின்றன என்று எதிரணித் தலைவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதைப் பையனே தாண்டிப் போகட்டும், பிறகு வேண்டுமென்றால் திரும்பி வந்து படிப்பான். வேறொருவர் வெட்டிய பக்கத்துக்கு எப்படித் திரும்புவான்?

இன்னொன்று, சுருக்கத்தையும் எளிய நடையையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். சுருக்கத்தில் பெரும்பாலும் கல்கியின் வாக்கியமே இருக்கும், இடையிடையே துண்டு போயிருக்கும். எளிய நடையில் கதை மட்டும் அவருடையது, பேச்சு வேறொருவருடையது. நாட்டுடைமையான நூல், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் அட்டையை நம்ப முடியாது. பெரம்பூர் நூலகத்து அம்மா எனக்குச் சொல்லித் தந்தார்: பொருளடக்கத்தை எண்ணுங்கள், முதல் பாகத்தில் 57-க்குக் குறைந்தால் கை வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்து உள்ளே மட்டும் வெட்டியிருந்தால்? நூலகப் பிரதியோடு முதல் அத்தியாயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்.

முன்வரிசையில் காசிமேட்டுப் பாட்டி ஒருவர் எழுந்து, தன் பேரன் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான், அவனுக்கு எந்த டியூஷன் நல்லது என்று கேட்டார். டியூஷன் எனக்குத் தெரியாது பாட்டி. அவன் தானாகப் படிக்க எளிய நடை கொடுங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை, மூலத்தை ராத்திரி நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் அவனாகவே மூலத்துக்கு வருவானா என்பதை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா மகனுக்கு நூலகத்திலிருந்து 'புது வெள்ளம்' முழுசாக எடுத்துக் கொடுத்தோம். கடம்பூர்ச் சதி ஏற்கெனவே தெரிந்துபோனதால் அந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிட்டான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' கேட்கிறான், ஐயா.