கம்மியா ஓடுற காருக்கு ஆயில் மாத்துறது: கிலோமீட்டர் கணக்கா, மாசக் கணக்கா?

கேள்வி: "சார், நான் ரிட்டயர்டு ஆசிரியர், திருச்சி. பெட்ரோல் வேகன்ஆர் வச்சிருக்கேன். கோயில், மார்க்கெட், பேங்க், அவ்வளவுதான். வருஷத்துக்கு 2,400 கிலோமீட்டர் தாண்டாது. புக்ல 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம்னு போட்டிருக்கு. சிந்தெடிக் ஆயில்தான் ஊத்தியிருக்கு. நாலு வருஷம் விடலாமா?"

விடாதீங்க சார். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. ‘அல்லது’ன்னா ரெண்டுல எது முதல்ல வருதோ அதுன்னு அர்த்தம். உங்க வண்டிக்கு எப்பவும் தேதிதான் முதல்ல வரும்.

சும்மா நிக்கிற வண்டியில ஆயில் எப்படிக் கெடும்னு தோணும். நின்னு கெடுறதை விட, கொஞ்சமா ஓடித்தான் அதிகமா கெடுது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகும். காலையில சைலன்சர்ல சொட்டுதே, அதே தண்ணிதான். பெரும்பகுதி வெளிய போயிடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழ ஆயில் சேம்பருக்கு இறங்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலா அடிக்கும், அதுலயும் எரியாத கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா ஆயிலோட கலக்கும்.

நல்லா சூடேறுற வண்டியில இது பிரச்சினையே இல்ல. ஆயில் சூடானா தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகித் திரும்ப இன்ஜினுக்கே போகும், பெட்ரோல் எரிஞ்சிடும், தண்ணி புகையோட வெளிய போயிடும். ஆனா நீங்க மார்க்கெட்டுக்குப் போறது ரெண்டரை கிலோமீட்டர். டேஷ்போர்டுல தெரியுற சூடு கூலன்ட் சூடு, அது சீக்கிரம் ஏறிடும். ஆயில் முழுசா சூடேற அதைவிட நேரம் பிடிக்கும், பொதுவா 15, 20 நிமிஷ ஓட்டம் வேணும். அதுக்குள்ள நீங்க வண்டியை ஆஃப் பண்ணியிருப்பீங்க.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நடை ரெண்டரை கிலோமீட்டர்னா 2,400 கிலோமீட்டருக்கு 960 நடை. போன இடத்துல ஒரு மணி நேரம் நின்னா இன்ஜின் ஆறிடும், அதனால பெரும்பாலும் எல்லாமே ஆறின ஸ்டார்ட்தான். தினம் 40 கிலோமீட்டர் ஒரே ஓட்டமா ஓட்டுறவருக்கு 10,000 கிலோமீட்டருக்கு 250 ஸ்டார்ட் போதும். மீட்டர்ல அவர் உங்களைவிட நாலு மடங்கு ஓட்டியிருக்கார், ஆனா ஆயிலுக்குக் கஷ்டம் உங்ககிட்டதான்.

இப்படிக் கலந்த தண்ணி, பெட்ரோல் எரிஞ்ச புகையோட சேர்ந்து அமிலமா மாறும். ஆயில்ல அமிலத்தை அடக்குற மருந்து இருக்கு, அது தீர்ந்துக்கிட்டே வரும். அப்புறம் கசடு சேர்ந்து, ஆயில் பம்புக்குக் கீழ இருக்குற சல்லடையை அடைக்கும். சிந்தெடிக் சூட்டை நல்லாத் தாங்கும், சரி. ஆனா உள்ள வர்ற தண்ணியையும் பெட்ரோலையும் அதாலயும் தடுக்க முடியாது.

நீங்களே பார்க்கலாம். சமதரையில நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கை எடுங்க. ஊத்தாமலே அளவு ஏறியிருந்தா, இல்ல பெட்ரோல் வாசனை அடிச்சா, தேதிக்குக் காத்திருக்காதீங்க. ஆயில் ஊத்துற மூடியைத் திருப்பிப் பாருங்க, அடியில மோர்க் கலர்ல நுரை மாதிரி ஒட்டியிருந்தா அது ஈரம். டிப்ஸ்டிக்கிலயும் அதே கலர் இருந்து, கூலன்ட்டும் குறைஞ்சிருந்தா கதை வேற, கூலன்ட் ஆயிலுக்குள்ள கசியுதான்னு ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கணும், ஓட்டாதீங்க. ஊட்டி, கொடைக்கானல்ல இந்த நுரை சகஜம். திருச்சி வெயில்ல அவ்வளவா தெரியாது, அதுக்காக ஆயில் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

வீட்டு வாசல்ல தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறீங்களா? அதை உடனே நிறுத்துங்க. தண்ணியையும் பெட்ரோலையும் ஆயிலுக்குள்ள சேர்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. அதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவை பைபாஸ்ல நிக்காம அரை மணி நேரம் ஓட்டுங்க. இதைச் செஞ்சா வருஷக் கணக்கு தாராளமா போதும். செய்யவே முடியாதுன்னா, ஒன்பது, பத்து மாசத்துல மாத்துறது நல்லது.

மாத்தப் போற அன்னைக்கு ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டுப் போங்க. சூடா இருந்தாத்தான் அழுக்கோட சேர்ந்து முழுசா வடியும். ஃபில்டரையும் சேர்த்தே மாத்தச் சொல்லுங்க, பழைய ஃபில்டருக்குள்ளயும் பழைய ஆயில் நிக்குது. ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்க. கிரேடும் அளவும் உங்க மாடலுக்கு மேனுவல்ல இருக்குறபடிதான். இந்த சைஸ் இன்ஜினுக்குச் சுமாரா மூணு லிட்டர் வரும், கேன்ல மிச்சம் இருக்கேன்னு மேல் கோட்டைத் தாண்டி ஊத்த விடாதீங்க. இன்ஜின் ஃப்ளஷ்னு தனியா ஒரு டப்பா காட்டுவாங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க. பில்லுல கிலோமீட்டரோட தேதியும் இருக்கான்னு பாருங்க. வாரன்டில இருக்குற வண்டின்னா பின்னால கிளெய்ம் வரும்போது அந்தத் தேதியைத்தான் கேப்பாங்க.