ஆறு நிலைகள் எப்படி நான்காகின்றன? டி.எஃப்.ஏ. சுருக்கும் அட்டவணை முறை

[திரையில்: q0 முதல் q5 வரை ஆறு வட்டங்கள். q0-க்கு இரட்டை வளையம், தொடக்க அம்புக்குறியும் அதற்கே.]

வணக்கம். இரும எண் ஒன்றை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கிறோம். அது 6-ஆல் மீதியின்றி வகுபடுமா என்று கடைசியில் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு டி.எஃப்.ஏ., அதாவது எந்த நிலையில் நின்றாலும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு அம்பு மட்டும் உள்ள இயந்திரம், வரையச் சொன்னால் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: மீதிக்கு ஒரு நிலை. 6-ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 5 வரை வரலாம், ஆக ஆறு நிலைகள். மீதி r என்று வைத்துக்கொண்டு அடுத்த இலக்கம் 0 வந்தால் புதிய மீதி 2r, 1 வந்தால் 2r+1. இரண்டையும் மறுபடி 6-ஆல் வகுத்து மீதி எடுக்கிறோம். மீதி 0 ஆன q0 மட்டுமே ஏற்பு நிலை, அதாவது படித்து முடிக்கும்போது அங்கே நின்றால் பதில் ஆம்.

[திரையில்: நகர்வு அட்டவணை.]

```
நிலை    0    1
q0     q0   q1
q1     q2   q3
q2     q4   q5
q3     q0   q1
q4     q2   q3
q5     q4   q5
```

இந்த இயந்திரம் சரியாகவே வேலை செய்யும். ஆனால் ஆறு நிலைகளும் தேவைதானா? கொஞ்சம் உற்றுப் பாருங்கள். q1-இன் வரியும் q4-இன் வரியும் ஒன்றேதான். q2-வும் q5-வும் அப்படித்தான். q0-வும் q3-வும்கூட அப்படித்தான். சரி, மூன்று ஜோடிகளையும் இணைத்து மூன்று நிலைகளாக்கிவிடலாமா? முடியாது. q0 ஏற்பு நிலை, q3 அப்படியில்லை. உள்ளீடு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டால் ஒன்று ஆம் என்று சொல்லும், மற்றது இல்லை என்று சொல்லும்.

வரிகளை ஒப்பிடும் முறைக்கு இன்னொரு பக்கமும் குறை உண்டு. p, q என்று ஏற்பில்லாத இரண்டு நிலைகள் இருக்கின்றன என்று வையுங்கள். 0 வந்தால் p போவது q-க்கு, q போவது p-க்கு. 1 வந்தால் இரண்டும் ஒரே ஏற்பு நிலைக்குப் போகின்றன. இவற்றின் வரிகள் வேறுவேறு. ஆனாலும் எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும். வரிகளை மட்டும் பார்த்து இணைப்பவர் இந்த ஜோடியைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

அட்டவணை முறை இந்த இரண்டு குழியிலும் விழாது. காரணம், அது ஒற்றுமையைத் தேடுவதே இல்லை. எல்லா நிலைகளும் ஒன்றுதான் என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. பிறகு வேறுபாட்டுக்கு ஆதாரம் கிடைத்த ஜோடிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குறிக்கிறது. ஆதாரம் என்றால் ஒரு சரம்: அந்தச் சரத்தை ஒரு நிலையிலிருந்து படித்தால் ஏற்பு, மற்றதிலிருந்து படித்தால் மறுப்பு. அதைச் சாட்சிச் சரம் என்று சொல்லிக்கொள்வோம்.

[திரையில்: படிக்கட்டு வடிவில் காலிக் கட்டங்கள், கீழே q0 முதல் q4, இடப்பக்கம் q1 முதல் q5.]

ஆறு நிலைகளுக்கு 15 ஜோடிகள். (q1,q2), (q2,q1) இரண்டும் ஒரே ஜோடி என்பதால் பாதிக் கட்டமே போதும்.

சுற்று 0. ஒன்று ஏற்பு, மற்றது ஏற்பில்லை என்ற ஜோடிகளைக் குறிக்கிறோம். ஏற்பு நிலை q0 ஒன்றுதான், ஆகவே அது இருக்கும் ஐந்து ஜோடிகளும் குறிபடுகின்றன. இவற்றுக்குச் சாட்சி வெற்றுச் சரம்.

சுற்று 1. மீதமுள்ள பத்து ஜோடிகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, 0 வந்தால் எந்த ஜோடிக்குப் போகிறது, 1 வந்தால் எந்த ஜோடிக்குப் போகிறது என்று பார்க்கிறோம். போய்ச் சேரும் ஜோடி ஏற்கெனவே குறிபட்டிருந்தால் இதையும் குறிக்க வேண்டும்.

(q1,q3)-ஐ எடுங்கள். 0 வந்தால் q1 போவது q2-க்கு, q3 போவது q0-க்கு. (q0,q2) குறிபட்ட ஜோடி. ஆகவே (q1,q3)-உம் வேறுபட்டது. இதேபோல q3 இருக்கும் (q2,q3), (q3,q4), (q3,q5) மூன்றும் இந்தச் சுற்றில் விழுகின்றன, ஏனென்றால் 0 வந்ததும் q3 மட்டும் q0-க்குப் போகிறது. நான்குக்கும் சாட்சி ‘0’ என்ற ஓரிலக்கச் சரம்.

இப்போது (q1,q2). 0 வந்தால் (q2,q4), 1 வந்தால் (q3,q5). சுற்று தொடங்கியபோது இரண்டும் குறிபடாதவை. அதனால் இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். ‘இப்போதைக்கு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், பலர் பிழை செய்வது சரியாக இந்த இடத்தில்தான்.

[திரையில்: சுற்று 1-இன் முடிவில் அட்டவணை, குறிபடாத ஆறு கட்டங்கள் மஞ்சளில்.]

ஒரே சுற்றோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று செய்தே பார்க்கலாம். q1, q2, q4, q5 நான்குக்கும் இடையில் எந்தக் குறியும் இல்லை. நான்கையும் ஒரே நிலையாக்குகிறோம். அதிலிருந்து 1 வரும்போது அம்புக்குறி எங்கே போக வேண்டும்? q1-உம் q4-உம் q3-க்குப் போகச் சொல்கின்றன. q2-வும் q5-வும் q5-க்கு, அதாவது அதே கூட்டத்துக்குள்ளேயே போகச் சொல்கின்றன. ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு அம்புகள். அப்படியானால் அது டி.எஃப்.ஏ.வே இல்லை. இணைத்த பிறகு ஏதாவது ஒரு நிலையிலிருந்து அம்பு இரண்டாகப் பிரிந்தால், அட்டவணை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். பரீட்சையில் விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

சுற்று 2. மறுபடி (q1,q2). 1 வந்தால் (q3,q5), அது இப்போது குறிபட்டிருக்கிறது. குறியுங்கள். (q1,q5)-உம் 1 வந்தால் (q3,q5)-க்குத்தான் போகிறது. (q4,q5)-உம் அப்படியே. (q2,q4) கொஞ்சம் சுவையான ஜோடி. 0 வந்தால் q2 போவது q4-க்கு, q4 போவது q2-க்கு. அதாவது அந்த ஜோடி தன்னையே சுட்டுகிறது. தன்னையே சுட்டுவது எதற்கும் ஆதாரம் ஆகாது, அதை வைத்துக் குறிக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஆனால் 1 வந்தால் அதுவும் (q3,q5)-க்குப் போகிறது. ஆக நான்கு ஜோடிகளும் ஒரே காரணத்தால் குறிபடுகின்றன.

சாட்சியை எண்களில் சோதித்துப் பார்க்கலாம். (q1,q2)-வின் பாதை: முதலில் 1, பிறகு 0. சாட்சி ‘10’. மீதி 1-லிருந்து 1 வந்தால் 3, அடுத்து 0 வந்தால் 6, மீதி 0, ஏற்பு. மீதி 2-லிருந்து 1 வந்தால் 5, அடுத்து 0 வந்தால் 10, மீதி 4, மறுப்பு. சரியாக இருக்கிறது. சுற்றின் எண்ணும் சாட்சியின் நீளமும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரு ஜோடி எந்தச் சுற்றில் குறிபட்டதோ, அத்தனை இலக்கங்கள் கொண்டதுதான் அதன் மிகச் சிறிய சாட்சி.

சுற்று 3. எஞ்சியவை (q1,q4), (q2,q5) இரண்டே. (q1,q4) எந்த உள்ளீட்டிலும் ஒரே நிலைக்குப் போகிறது. (q2,q5)-உம் அப்படியே. புதிதாக ஒன்றும் குறிபடவில்லை. ஒரு சுற்று முழுக்க எதுவும் குறிபடாமல் போனால்தான் நிறுத்த வேண்டும்.

[திரையில்: முடிந்த அட்டவணை. எண் என்பது குறிபட்ட சுற்று. கோடு என்பது குறிபடாதது.]

```
q1   0
q2   0   2
q3   0   1   1
q4   0   -   2   1
q5   0   2   -   1   2
     q0  q1  q2  q3  q4
```

குறிபடாதவை உண்மையிலேயே ஒன்றுதானா, அல்லது நாம் சாட்சியைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டோமா? நியாயமான சந்தேகம். குறிபடாத ஏதோ ஒரு ஜோடிக்குச் சாட்சி இருக்கிறது என்று வையுங்கள். அப்படிப்பட்ட ஜோடிகளின் எல்லாச் சாட்சிகளிலும் மிகச் சிறியதை எடுங்கள். அது வெற்றுச் சரமாக இருக்க முடியாது, இருந்தால் சுற்று 0-விலேயே குறித்திருப்போம். அதன் முதல் இலக்கத்தைப் படித்ததும் வேறொரு ஜோடிக்குப் போகிறோம், மிச்சமுள்ள சரம் அந்த ஜோடிக்குச் சாட்சி. அது இன்னும் சிறியது, எனவே அந்த ஜோடி குறிபட்டிருக்கும். அப்படியானால் நம் ஜோடியும் குறிபட்டிருக்க வேண்டும். முரண்பாடு.

இணைப்போம். A என்பது q0, B என்பது q1-உம் q4-உம், C என்பது q2-வும் q5-வும், D என்பது q3.

```
நிலை    0    1
A      A    B
B      C    D
C      B    C
D      A    B
```

A தொடக்கம், அதுவே ஏற்பு. 110, அதாவது 6: A, B, D, A. ஏற்கிறது. 1010, அதாவது 10: A, B, C, C, B. மறுக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. 1-க்கும் 4-க்கும் வித்தியாசம் 3. அடுத்த இலக்கம் எதுவானாலும் அந்த வித்தியாசம் இரட்டிப்பாகி 6 ஆகிறது, 6-ஆல் வகுக்கும்போது அது மறைந்துவிடுகிறது. 0-க்கும் 3-க்கும் இதேதான், ஆனால் அங்கே இப்போதே பதில் வேறு. இதே கணக்கை 5-க்குச் செய்தால் அட்டவணை முழுதும் நிரம்பிவிடும், ஒரு நிலைகூடக் குறையாது. எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் அப்படித்தான். 8-க்குச் செய்தால் எட்டு நிலைகள் நான்காகின்றன.

அட்டவணையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். தொடக்க நிலையிலிருந்து போய்ச் சேரவே முடியாத நிலைகளை முதலில் நீக்குங்கள். அட்டவணை அவற்றை நீக்காது. அவை வேறு எதோடும் இணையாமல் விடையில் வீணாக உட்கார்ந்திருக்கலாம். அடுத்து, எங்காவது ஒரு அம்பு விடுபட்டிருந்தால், எல்லா உள்ளீட்டுக்கும் தன்னிடமே திரும்பும் ஏற்பில்லாத நிலை ஒன்றைச் சேர்த்து அம்பை அங்கே விடுங்கள். இல்லையென்றால் போய்ச் சேரும் ஜோடியே இல்லாமல் கணக்கு நடுவில் நிற்கும்.

[திரையில்: (q3,q5) கட்டம், அதிலிருந்து நான்கு கட்டங்களுக்குக் கோடுகள்.]

நிரலாக எழுதுபவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ஜோடிகளையும் மறுபடி பார்ப்பது வீண் வேலை. அதற்குப் பதிலாக, ஒரு ஜோடி எந்த ஜோடிக்காகக் காத்திருக்கிறதோ அதன் பட்டியலில் பெயரை எழுதிவையுங்கள். (q3,q5)-இன் பட்டியலில் அந்த நான்கு பெயர்களும் இருக்கும். அது குறிபட்டவுடன் நான்கும் சேர்ந்தே விழும். அப்போது ஒவ்வொரு ஜோடியையும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனாலும் ஜோடிகளின் எண்ணிக்கை n(n-1)/2. 1000 நிலைகளுக்கு 4,99,500 கட்டங்கள். சுற்றுச் சுற்றாகப் பிரிக்கும் இந்தச் சிந்தனையை எட்வர்ட் மூர் 1956-இல் வெளியிட்டார். 1971-இல் ஜான் ஹாப்கிராஃப்ட் தந்த முறை ஜோடிகளை விட்டுவிட்டுக் கூட்டங்களையே பிளக்கிறது. உள்ளீட்டு எழுத்துகள் மாறாமல் இருந்தால் அதன் நேரம் n log n அளவில்தான் வளரும். பெரிய இயந்திரங்களுக்கு அதுவே சரி. கையால் செய்யும்போதும், ஏன் வேறுபட்டது என்று சாட்சி காட்ட வேண்டியபோதும் நான் அட்டவணையைத்தான் எடுப்பேன்.

இதே அட்டவணைக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டு பேர் தனித்தனியே வரைந்த டி.எஃப்.ஏ.க்கள் ஒரே மொழியைத்தான், அதாவது ஒரே சரங்களின் தொகுப்பைத்தான், ஏற்கின்றனவா என்று பார்க்க, இரண்டின் நிலைகளையும் ஒரே அட்டவணையில் போட்டு நிரப்புங்கள். இரண்டு தொடக்க நிலைகளின் ஜோடி குறிபடவில்லை என்றால் இரண்டும் ஒன்றே. குறிபட்டால், அந்தக் குறி வந்த வழியே முன்னோக்கி நடந்து இலக்கங்களை எழுதுங்கள். ஒரு இயந்திரம் ஏற்று மற்றது மறுக்கும் மிகச் சிறிய சரம் கையில் கிடைத்துவிடும்.