தைப்பூசத்துக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

நேயர்களுக்கு வணக்கம்.

பக்திப் பாடல்களுக்கென்று யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "உள்ளூர்க்காரர்களும் பார்க்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும், என்ன ஹேஷ்டேக் போடுவது?" என்றுதான். நான் பாடுகிற பஜனைக் குழுவுக்கும் ஒரு சேனல் இருக்கிறது. அதில் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தைப்பூசத்தை ஒட்டி எங்கள் பிள்ளைகள் பாடிய காவடிச் சிந்து ஒன்றை ஏற்றினோம். வீடியோவுக்குக் கீழே விவரம் எழுதும் இடத்தில் இருபத்தைந்து ஹேஷ்டேக் அடுக்கினேன். #god, #bhakti, #devotional, #viral, #trending என்று வாய்க்கு வந்ததெல்லாம். தலைப்புக்குப் பக்கத்தில் யூடியூப் காட்டியது மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்றுகூட முருகனையோ தைப்பூசத்தையோ சொல்லவில்லை.

அங்கே அதிகபட்சம் மூன்றுதான் காட்டுவார்கள். இருபத்தைந்து எழுதினால் எந்த மூன்று மேலே வரும் என்பது நம் கையில் இல்லை. மூன்றே எழுதினால் பிரச்சினையே இல்லை. அறுபதைத் தாண்டிவிட்டால் யூடியூப் அந்த வீடியோவின் ஹேஷ்டேக் ஒன்றைக்கூடக் கணக்கில் எடுக்காது. வீடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத நடிகர் பெயரைப் போடுவது அவர்களுடைய விதிக்கே விரோதம், வீடியோவையே எடுத்துவிடக்கூடும்.

சரி, அந்த மூன்று எவை? ஒரு ஹேஷ்டேக்கைத் தட்டினால் அதே சொல்லைப் போட்ட வீடியோக்கள் வரிசையாக வரும். #god என்று தட்டினால் உலகத்தில் உள்ள எல்லா மதமும் வரும், அதில் நம் பிள்ளைகளின் சிந்து எங்கே கிடக்கும்? #Murugan என்றால் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அது ஆயிரக்கணக்கான மனிதர்களின் பெயரும்கூட. #Skanda போட்டுப் பாருங்கள், அந்தப் பெயரில் ஒரு திரைப்படம் வந்திருப்பதால் சினிமாப் பாட்டும் சண்டைக்காட்சியும் வரும். சாமி பெயரை மட்டும் தனியாக நம்ப முடியாது. விழாவின் பெயர், பாட்டு வகையின் பெயர், தலத்தின் பெயர் இவைதான் தேடுகிறவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும். தலத்தின் பெயரைப் போடுவதானால் பாட்டு அந்தத் தலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இப்போது தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ஒரே சொல். ஆங்கில எழுத்துக்குப் போனதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் Thaipusam, நடுவில் ஒரே ஒரு u. தமிழ்நாட்டில் பலர் Thaipoosam என்று இரண்டு o போடுகிறார்கள். மொரீஷியஸில் அது அரசு விடுமுறை நாள், அங்கே அதன் பெயர் Thaipoosam Cavadee. காவடிக்கு முதல் எழுத்து C, கடைசியில் இரண்டு e. தென்னாப்பிரிக்காவில் Kavady என்று K-யில் தொடங்கி y-யில் முடிப்பார்கள். யூடியூபுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆனால் ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஹேஷ்டேக், வேறு பக்கம்.

தமிழ் எழுத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ஹேஷ்டேக்கில் இடைவெளி விட முடியாது என்பதால் சொற்களைச் சேர்த்து எழுதுகிறோம். சேர்க்கும்போது சந்தி வருகிறது. #காவடிசிந்து ஒரு பக்கம், #காவடிச்சிந்து இன்னொரு பக்கம். #முருகன்பாடல் வேறு, #முருகன்பாடல்கள் வேறு. இலக்கணப்படி எது சரி என்பது ஒரு கேள்வி, எந்தப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் தட்டிப் பார்த்து, நம்முடையதைப் போன்ற வீடியோக்கள் எதில் நிறைய இருக்கின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாத்தியார் ஒருவர் இதற்காக என்னைக் கோபித்துக்கொண்டார். தலைப்பில் சந்தியோடு எழுதுகிறேன் ஐயா என்று சமாதானம் சொன்னேன்.

தமிழ் எழுத்து உள்ளூருக்கு, ஆங்கில எழுத்து வெளிநாட்டுக்கு என்று பிரிப்பதும் முழுக்கச் சரியில்லை. உள்ளூரிலேயே பாதிப் பேர் போனில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். வயதானவர்கள் மைக்கைத் தொட்டுப் பேசித் தேடுகிறார்கள், அது தமிழ் எழுத்தாக விழுகிறது. வெளிநாட்டில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்குப் பாட்டு வாயில் வரும், தமிழ் எழுத்து வராது. ஆகவே இரண்டு எழுத்தும் இரண்டு பக்கத்துக்கும் வேண்டும்.

ஆங்கில ஸ்பெல்லிங்கில் எதை எடுப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசப் பக்கம் இருக்கிறது. அதில் Thaipusam, Thaipoosam இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, வலைத் தேடல் என்பதை யூடியூப் தேடல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு நாட்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எந்த நாட்டில் எந்தக் கோடு உயரத்தில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். சிறிய நாடுகளில் கோடே வராமல் போகலாம். அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை அவருடைய போனில் தட்டச் சொல்லி, தேடல் பெட்டி என்ன நீட்டுகிறது என்று கேட்பதுதான் வழி.

எங்கள் வீடியோவுக்குக் கடைசியில் வைத்த மூன்று: #தைப்பூசம், #Thaipusam, #KavadiChindu. அப்படியானால் மொரீஷியஸ்காரர் என்ன செய்வார்? அவருக்காக நான்காவது, ஐந்தாவது என்று ஹேஷ்டேக் சேர்க்கவில்லை. தேடலில் ஹேஷ்டேக்கைவிடத் தலைப்பும் விவரமும்தான் அதிகம் பேசும். விவரத்தின் முதல் இரண்டு வரியில், தைப்பூசத்தன்று, மொரீஷியஸில் Cavadee என்று சொல்லும் நாளில், காவடி எடுப்பவர்கள் பாடும் சிந்து இது என்று வாக்கியமாகவே எழுதினோம். வாக்கியம் முக்கியம். ஸ்பெல்லிங்குகளை மட்டும் கமா போட்டு அடுக்கினால் அதைக் குப்பை என்று கருத அவர்களுடைய விதியிலேயே இடமிருக்கிறது.

வெளியிட்டதும் ஒரு வேலை பாக்கி. வீடியோவைப் பொதுவில் திறந்து, ஒவ்வொரு ஹேஷ்டேக்கையும் உங்கள் விரலாலேயே தட்டிப் பாருங்கள். சொல் முழுக்க நீலமாக இருக்க வேண்டும். சொல்லுக்குள் இடைவெளியோ புள்ளியோ சிறு கோடோ விழுந்திருந்தால் நீலம் அங்கேயே நின்றுவிடும். வேறு செயலிகளில் அதே ஹேஷ்டேக்கைப் போடும்போது இன்னும் கவனம் வேண்டும், தமிழின் மெய்ப்புள்ளியிலேயே சொல்லை வெட்டிவிடுகிறவை உண்டு.

ஒரு மாதம் கழித்து யூடியூப் ஸ்டுடியோவின் பகுப்பாய்வில், பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதியைத் திறங்கள். ஹேஷ்டேக் பக்கங்கள் என்று ஒரு வரி இருக்கும். எங்களுக்கு அது சின்ன எண்தான், ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் யூடியூப் தேடல் என்ற வரியைத் தட்டினால், ஜனங்கள் எழுதித் தேடிய சொற்கள் அப்படியே வரும். யாரோ kavadi sindhu என்று s போட்டுத் தேடி எங்களிடம் வந்திருந்தார்கள். அந்த ஸ்பெல்லிங் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாளே விவரத்தில் அதற்கும் ஒரு வாக்கியத்தில் இடம் கொடுத்தோம்.

இன்னொன்று, விழா முடிந்ததும் தைப்பூசம் என்ற சொல்லைத் தேட ஆளிருக்காது. ட்ரெண்ட்ஸில் அந்தக் கோடு தரையோடு கிடக்கும், அடுத்த தை நெருங்கும்போதுதான் எழும். ஹேஷ்டேக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே மாசி பிறந்ததும் #தைப்பூசம் இருந்த இடத்தில் #முருகன்பாடல்கள் வைத்துவிட்டு, மார்கழிக் கடைசியில் பழையதைத் திரும்பப் போடுகிறோம். ஞாபகம் வைத்து இதைச் செய்யும் பொறுப்பு குழுவில் மிருதங்கம் வாசிக்கும் பையனுடையது.

வணக்கம்.