ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல்: மலேரியா கிருமி உள்ளே என்ன செய்கிறது?

[காட்சி: காய்ச்சல் அட்டவணை. திங்கள் 103, செவ்வாய் இயல்பு, புதன் மறுபடி 103]

திங்கள் மதியம் பல் கிடுகிடுக்கக் குளிர், அப்புறம் உடம்பெல்லாம் அனல், சாயங்காலம் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை ஒன்றுமே இல்லை. புதன் மதியம், ஏறக்குறைய அதே நேரத்துக்கு, மறுபடி குளிர். தமிழில் இதற்கு முறைக்காய்ச்சல் என்றே பெயர். இந்த முறை எங்கிருந்து வருகிறது என்பதை வைவாக்ஸ் என்ற ஒரு வகை மலேரியாவை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

[காட்சி: கடிக்கும் கொசு, பிறகு கல்லீரல்]

பெண் அனாபிலிஸ் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு கொஞ்சம் கிருமிகள் உள்ளே போகின்றன, பெரும்பாலும் நூறுகூடத் தேறாது. அவை நேராகக் கல்லீரலுக்குப் போய் செல்களுக்குள் புகுந்துகொள்கின்றன. அடுத்த ஒரு வாரம் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே ஒரு கிருமி ஆயிரக்கணக்கில் பெருகி, கடைசியில் ரத்தத்தில் கொட்டுகிறது.

[காட்சி: சிவப்பணு வீங்கி வெடிக்கிறது]

இங்கேதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. சிவப்பணுவுக்குள் நுழைந்த கிருமி ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, பத்து இருபதாகப் பிரிந்து, 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உடையும்போது கிருமியின் கழிவும் சிதறுவதால் நோயெதிர்ப்பு செல்கள் உஷாராகி, உடம்பின் சூட்டை ஏற்றச் சொல்லி மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. குட்டிகள் புது அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டதும் காய்ச்சல் அடங்குகிறது. முதல் சில நாள் இந்தத் தாளம் இருக்காது, ஏனென்றால் கிருமிகள் ஆளுக்கொரு வயதில் இருக்கும், காய்ச்சல் தினமும் வரும். அதனால் “தினமும் காய்கிறதே, இது மலேரியா இல்லை” என்று விட்டுவிடாதீர்கள், ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே சில கிருமிகள் பெருகாமல் ஆண், பெண் வடிவங்களாக மாறிக் காத்திருக்கின்றன. இன்னொரு அனாபிலிஸ் ரத்தம் குடித்தால் அவை அதன் வயிற்றில்தான் இணையும். பத்துப் பன்னிரண்டு நாளில் புதுக் கிருமிகள் கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்துவிடும்.

[காட்சி: மறுபடி கல்லீரல், இருட்டில் ஒற்றைச் செல்]

சரி, குளோரோகுயின் மாத்திரை போட்டுக் காய்ச்சல் நின்றது, ரத்தமும் சுத்தம் என்று வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே குளிர்! கொசு கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வைவாக்ஸ் கிருமிகளில் சில கல்லீரலிலேயே பெருகாமல் தூங்கிக் கிடக்கும், அவை ரத்தப் பரிசோதனையில் தெரியாது, குளோரோகுயினுக்கும் சாகாது. அவற்றைக் கொல்லப் பிரைமாகுயின் வேண்டும், வழக்கமாக 14 நாள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களையே உடைத்துவிடும் என்பதால் முதலில் அதைச் சோதிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறது, மீதி மாத்திரைகள் அட்டையிலேயே தங்கிவிடுகின்றன.