நெஞ்சு உயரத்தில் நிறம் மாறிய சுவர்

வணக்கம். இன்று கேமராவை நேராக என் மண் சுவருக்கே கொண்டுபோகிறேன். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஈர மண்ணைக் கொட்டி, திமிசால் அடுக்கடுக்காக இடித்து எழுப்பிய சுவர் இது. கீழே அடர்சிவப்பு, இங்கே நெஞ்சு உயரத்தில் ஒரு கோடு, அதற்கு மேல் மஞ்சள் கலந்த சிவப்பு. அழகுக்காகச் செய்ததா என்று பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை, கணக்கில் விட்ட பிழை அது.

தோட்டத்து அறை உள்ளளவில் 3 மீட்டருக்கு 2.4 மீட்டர். சுவர் 30 சென்டிமீட்டர் கனம், 2.1 மீட்டர் உயரம். மூலைகளை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, சுவரின் நடுக்கோட்டை அளந்தேன்: சுற்றிலும் 12 மீட்டர். கதவையும் ஜன்னலையும் கழித்தால் சுவர் சுமார் 6.7 கன மீட்டர். நூறு கன அடி கொண்ட யூனிட்டில் சொன்னால் இரண்டேகாலுக்குச் சற்று மேல். தாராளமாக இருக்கட்டும் என்று மண்ணும் மணலுமாக இரண்டரை யூனிட் இறக்கினேன்.

லாரியில் வருவது உதிரி மண் என்பதை மறந்துவிட்டேன். 15 சென்டிமீட்டர் உதிரியாகக் கொட்டித் திமிசு போட்டால் 10 சென்டிமீட்டர்தான் நிற்கும். ஆக, சுவரின் கன அளவைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். சிந்துவது, சலித்து ஒதுக்கும் கல் எல்லாம் சேர்த்தால் 11 கன மீட்டர், ஏறக்குறைய நான்கு யூனிட். பலகையை மேலே ஏற்றி அடித்த மூன்றாவது சுற்றின் நடுவில் மண் தீர்ந்தது. அடுத்த லோடு வேறு குழியிலிருந்து வந்தது. கோடு விழுந்தது.

எங்கள் வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் களி கொஞ்சம் அதிகம். கண்ணாடி ஜாடியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தேன். படிந்ததில் கால் பங்கு களி. அப்படியே அடித்தால் காயும்போது வெடிக்கும். அதனால் இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தேன். கரிசல் மண் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அது ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும், இந்த அளவு சிமெண்ட் அதைக் கட்டிப்போடாது.

சிமெண்ட், எடையில் நூற்றுக்கு ஐந்து. பக்கத்து ஆரோவில்லில் மண் கட்டடங்களுக்கு வழக்கமாகச் சேர்க்கும் அளவும் அதுதான். இறுகிய சுவர் ஒரு கன மீட்டர் சுமார் 1,900 கிலோ என்று வைத்தால் மொத்தம் 13 மூட்டை. ஆனால் மொத்தமாகக் கலக்கவே கூடாது. என் பலகை 1.8 மீட்டர் நீளம்; ஓர் அடுக்குக்கு நூறு கிலோ கலவை, அதில் ஐந்து கிலோ சிமெண்ட். அந்த அளவு மட்டும் கலந்து, ஒரு மணி நேரத்துக்குள் அடித்து முடித்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து மிச்சக் கலவையில் தண்ணீர் தெளித்து அடித்தேன். அந்த அடுக்கு இதோ, சாவியால் கீறினால் பொடியாக உதிர்கிறது. மற்ற இடத்தில் சாவிதான் வழுக்குகிறது.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். உருண்டை பிடித்துத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: முதலில் ‘தொப்தொப்’ என்று விழும் திமிசு, மண் இறுகியதும் ‘டங்’ என்று திருப்பி அடிக்கும். அப்போது அடுத்த அடுக்கு.

இனி இந்த வயிறு. முதல் சுற்றில், கதவுக்கு இடப்பக்கம், சுவர் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது. கான்கிரீட்டுக்குப் போடுவதுபோலப் பலகை அடித்தால் போதும் என்று நினைத்தேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட், 90 சென்டிமீட்டருக்கு ஒரு போல்ட். ஈரக் கான்கிரீட் தன் எடையால் மட்டும் தள்ளும். இங்கே ஏழு கிலோ திமிசின் ஒவ்வோர் அடியும் பலகையைப் பக்கவாட்டில் உதைக்கிறது. பிறகு வெளிப்பக்கம் 30 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை நிறுத்தி, நடுவில் இன்னொரு போல்ட் முடுக்கினேன். போல்ட்டைப் பிவிசி குழாய்க்குள் விட்டால்தான் பிறகு உருவ வரும். முதல் இரண்டை உருவ முடியாமல் அறுத்தேன். சரியாக 30 சென்டிமீட்டரில் ஒரு குச்சி வெட்டி ஒவ்வோர் அடுக்குக்கு முன்னும் பலகைகளுக்கிடையே வைத்துப் பார்ப்பேன். குச்சி ஆடினால் பலகை விரிகிறது, போல்ட்டை முடுக்க வேண்டும்.

அடித்து முடித்த அன்றே பலகையைக் கழற்றிவிடலாம். ஆனால் அப்போது மூலைகள் மிகவும் மென்மை. சைக்கிள் கைப்பிடி பட்டு இந்த முனை போனது. மறுசுற்றிலிருந்து மூலையில் முக்கோணச் சட்டம் வைத்து முனையை மழுக்கினேன். நனைத்த சாக்கு நான்கு வாரம் தொங்கியது.

வயிற்றைச் செதுக்கவில்லை. செதுக்கினால் பலகை தந்த வழவழப்புப் போய் மணல் தெரியும். அதன் முன்னால் ஓர் அலமாரி வரப்போகிறது. அடுத்த வீடியோவில் கூரை. சாரல் சுவரில் படாமல் இரண்டடி நீட்ட வேண்டும், மரம் நாளை வருகிறது.